‘மாமா’வுக்கு ஆங்கிலத்தில் என்ன?

“அவள் ஏன் போலீசில் புகார் கொடுக்கவில்லை?”

என் மொழிபெயர்ப்பைப் படித்து முடித்த மலாய்த் தோழி கேட்ட முதல் கேள்வி இதுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் மொழிபெயர்த்தது குற்றக் கதை அல்ல. ரப்பர் தோட்டத்து வாழ்க்கையைச் சொல்லும் ஒரு தமிழ் நாவலின் ஒன்றரைப் பக்கப் பகுதி. பல்கலைக்கழக மொழிபெயர்ப்புப் பாடத்தின் பயிற்சிக்காக அதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். வகுப்பில் தமிழ் தெரிந்தவர்கள் சிலரே. மற்றவர்கள் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி.

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அகராதியில் பார்த்துத்தான் ஒவ்வொரு சொல்லையும் போட்டிருந்தேன். ஆனாலும் கதை வேறு கதையாகிவிட்டது. எங்கே தவறினேன் என்று தேடியபோது எல்லாம் இரண்டு சொற்களில் வந்து நின்றது. ஒன்று மாமா, மற்றொன்று அக்கா. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் படித்த சொற்கள்.

நாவலின் வரிகளை அப்படியே இங்கே அச்சிட முடியாது. அதனால் அதே உறவு அமைப்பும் அதே சிக்கலும் உள்ள சில வரிகளை நானே எழுதித் தருகிறேன். இவற்றை வைத்தே பேசலாம். கோமதிக்கு 19 வயது. அவளுடைய தாயின் தம்பி முத்துவுக்கு 26. இந்த விவரங்கள் முந்தைய அத்தியாயங்களில் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி வரிகள்:

பால் நிறுவையை முடித்துவிட்டு வந்த மாமா வாசல் படியில் உட்கார்ந்தார். “கோமதி, தண்ணி கொண்டா” என்றார். கோமதி சொம்பை அவர் கையில் கொடுக்காமல் படியில் வைத்தாள். “என்னடி, மாமன் கையிலே குடுத்தா கொறஞ்சா போயிடுவே?” என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா. அம்மா சிரிக்கவில்லை. “அக்கா, நீ இன்னும் ஒன்னும் சொல்லலியே” என்றார் மாமா, அம்மாவைப் பார்த்து. “முத்து, கை கழுவிட்டு வா. சோறு ஆறுது” என்றாள் அம்மா.

தமிழ் வாசகருக்கு இதில் விளக்க எதுவும் இல்லை. தாய்மாமன் அக்காள் மகளைக் கேட்கிறார். அவளுக்கு விருப்பமில்லை. அக்கம்பக்கத்துக்கு விஷயம் தெரியும். அம்மா பதில் சொல்லாமல் நழுவுகிறாள். ‘கல்யாணம்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அந்தச் செய்தியை உறவுச்சொற்களே சுமக்கின்றன.

முதல் முயற்சி: எல்லா இடத்திலும் ‘அங்கிள்’

முதல் வரைவில் மாமாவை ‘அங்கிள்’ ஆக்கினேன். அகராதியும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அம்மாவின் தம்பி, அப்பாவின் அண்ணன், சித்தியின் கணவர் எல்லோரும் ஒன்றுதான். போதாக்குறைக்கு, நம் நாட்டில் அது உறவுச்சொல்லே இல்லை என்ற நிலைக்கு வந்துவிட்டது. டாக்சி ஓட்டுநர் அங்கிள், கடைக்காரர் அங்கிள், பள்ளிப் பேருந்து ஓட்டுபவரும் அங்கிள்தான். எனவே மலேசிய வாசகர் ஒருவர் அந்தச் சொல்லைப் படித்ததும் அவர் மனத்தில் வருவது ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர்.

இப்போது அந்த வரிகளை மீண்டும் படியுங்கள். வயதான ஒருவர் வாசல் படியில் வந்து உட்கார்கிறார். இளம்பெண் ஒருத்தி அவரிடம் கை நீட்டத் தயங்குகிறாள். பக்கத்து வீட்டுப் பெண் சிரிக்கிறாள். என் தோழி ஏன் போலீசை நினைத்தாள் என்று புரிகிறதல்லவா? முத்து அவள் கண்ணுக்கு ஒரு கொடியவனாகத் தெரிந்தான். அவனுக்கு வெறும் 26 வயது என்பதும், அவன் கேட்பது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கப்படிதான் என்பதும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

அவன் நல்லவன் என்று நிலைநாட்டுவது என் வேலை அல்ல. நாவலாசிரியரும் அப்படிச் சொல்லவில்லை. கோமதியின் மறுப்பு நாவலில் உண்மையானது, அதை மழுப்பக் கூடாது. ஆனால் அவள் மறுப்பது எதை என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும். ஒரு குற்றவாளியை மறுப்பது எளிது. கூடவே வளர்ந்த, கெட்டவன் என்று சொல்ல முடியாத, அம்மாவுக்குச் செல்லமான ஒருவனை மறுப்பதுதான் கடினம். ‘அங்கிள்’ அந்தக் கடினத்தைத் துடைத்துவிட்டது.

ஆங்கிலத்தில் இல்லாத கோடு

அம்மாவின் தம்பி மணம் கேட்கலாம், ஆனால் அப்பாவின் தம்பி கேட்க முடியாது. இது ஏன் என்று அதே தோழி பிறகு கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். விடை சொற்களுக்குள்ளேயே இருக்கிறது.

அப்பாவின் உடன்பிறந்த ஆண்கள் பெரியப்பா, சித்தப்பா. அம்மாவின் உடன்பிறந்த பெண்கள் பெரியம்மா, சின்னம்மா. இந்தச் சொற்களுக்குள் அப்பாவும் அம்மாவும் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். அவர்கள் நமக்கு இன்னொரு தந்தை, இன்னொரு தாய். அவர்களுடைய பிள்ளைகள் நமக்கு அண்ணன், அக்கா, தம்பி, தங்கை. அங்கே மணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அம்மாவின் உடன்பிறந்த ஆணுக்கும் அப்பாவின் உடன்பிறந்த பெண்ணுக்கும் மட்டும் வேறு வேர்ச்சொற்கள்: மாமா, அத்தை. அவர்களுடைய பிள்ளைகள் நமக்கு முறைப்பெண், முறைப்பையன். அதனால்தான் கணவனின் தந்தைக்கும் மாமனார் என்று பெயர். மாமன் மகனை மணந்தால், மாமாவே மாமனார் ஆகிறார். சில சமூகங்களில் அந்த வழக்கம் இன்னும் ஒரு படி நெருங்கி, அக்காள் மகளைத் தாய்மாமனே மணப்பதாகவும் இருந்தது. எல்லாத் தமிழரிடமும் அது இல்லை. இலங்கைத் தமிழரிடையே தாய்மாமனை மணப்பது பொதுவாக வழக்கமில்லை.

மானிடவியலாளர்கள் இந்த அமைப்பைத் ‘திராவிட உறவுமுறை’ என்று அழைக்கிறார்கள். தாமஸ் டிரவுட்மன் 1981இல் இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். ஆங்கிலத்துக்கு இந்தக் கோடு இல்லை. சித்தப்பா மகளும் மாமன் மகளும் அங்கே ‘கசின்’தான். ‘கசினை மணந்தான்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால், யாரை மணக்கலாம், யார் தங்கை என்று தமிழ் போட்டிருக்கும் கோடு அழிந்துபோகிறது.

இது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதோரின் திருமணங்களுக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. நெருங்கிய உறவினர்கள் யார் யார் மணக்கக் கூடாது என்று அதன் 11ஆவது பிரிவு சொல்கிறது. தடை செய்யப்பட்டோர் பட்டியலில் தாய் தந்தையரின் உடன்பிறந்தவர்களும் உண்டு. ஆனால் இந்துக்களுக்கு மட்டும் ஒரு விலக்கு தரப்பட்டிருக்கிறது. இந்து வழக்கப்படி ஓர் ஆண் தன் உடன்பிறந்தவளின் மகளை மணப்பதையும், ஒரு பெண் தன் தாயின் உடன்பிறந்தவனை மணப்பதையும் அந்தப் பிரிவு தடுக்காது. சட்டம் எழுதியவர்களுக்கும் ‘அங்கிள்’ போதவில்லை என்பதுதான் எனக்கு இதில் சுவையாக இருந்தது. ‘தாயின் சகோதரன்’ என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வழக்கம் நல்லதா, மருத்துவம் என்ன சொல்கிறது என்பவை தனி விவாதங்கள். மொழிபெயர்ப்பாளரின் கேள்வி அதைவிடச் சிறியது. நாவலின் பாத்திரங்களுக்குத் தெரிந்ததை வாசகருக்கும் எப்படித் தெரிய வைப்பது?

இரண்டாம் முயற்சியும் மூன்றாம் முயற்சியும்

இரண்டாம் வரைவில் சட்டத்தின் வழியைப் பின்பற்றினேன். ‘மெட்டர்னல் அங்கிள்’ என்று எழுதினேன். பொருள் சரி. ஆனால் அது பாரம் நிரப்பும்போது எழுதும் சொல். “மெட்டர்னல் அங்கிள் வாசல் படியில் உட்கார்ந்தார்” என்று எந்தக் கதைசொல்லியும் சொல்ல மாட்டார். அந்தப் பெயரில் யாரையும் கூப்பிடவும் முடியாது. “தாய்வழி மாதுலரே, தண்ணீர் வேண்டுமா?” என்று நாம் வீட்டில் கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

இங்கே ஒன்று புரிந்தது. உறவுச்சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒருவர் யார் என்று மற்றவரிடம் சுட்டுவது ஒரு வேலை. அவரையே நேரில் அழைப்பது இன்னொரு வேலை. சுட்டுவதற்கு நீளமான விளக்கத் தொடர் பொருந்தும். அழைப்பதற்குப் பொருந்தாது. தமிழில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே சொல்லாக இருப்பதால் நாம் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

மூன்றாம் வரைவில் தமிழ்ச் சொல்லையே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆங்கிலத்தில் அயற்சொற்களை அப்படியே விடுவது இப்போது சகஜம். மூத்த சகோதரனைக் குறிக்கும் ‘அண்ணா’ என்ற சொல்லே 2017இல் ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியில் சேர்ந்துவிட்டது. எனவே துணிந்து மாமாவை எழுதினேன், எம், ஏ, எம், ஏ என்று நான்கு எழுத்தில்.

அடுத்த வாரம் ஒரு சீன நண்பர் கேட்டார்: “ஒரே வீட்டில் இரண்டு அம்மாவா?”

ஆங்கிலத்தில் அந்த நான்கு எழுத்துக்குத் தாய் என்று பொருள். “மாமா வாசல் படியில் உட்கார்ந்தார்” என்பதை அம்மா உட்கார்ந்ததாகப் படித்திருக்கிறார். நான்கு வரி தள்ளி “அம்மா சிரிக்கவில்லை” என்று வந்ததும் குழம்பிவிட்டார். பக்கத்தில் இருந்த இன்னொருவர், கதை ‘மாமாக்’ கடையில் நடக்கிறது என்று நினைத்தாராம். ரொட்டி சானாய் விற்கும் அந்தக் கடைகளின் பெயரும் நம் மாமாவிலிருந்து வந்ததுதான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. சொல் ஊரெல்லாம் சுற்றி வந்து கடைசியில் என் மொழிபெயர்ப்பிலேயே மோதிக்கொண்டது.

பெயரைச் சொல்லிவிட்டால் என்ன?

இவ்வளவு சிக்கல் எதற்கு, ‘முத்து’ என்றே எழுதிவிடலாமே என்று வகுப்பில் யோசனை வந்தது. ஆங்கில நாவல்களில் பெயர்தான் இயல்பு. “முத்து வாசல் படியில் உட்கார்ந்தான்.” தெளிவாக இருக்கிறது, வயதும் குறைந்துவிடுகிறது.

இதையும் எழுதிப் பார்த்தேன். படிக்கச் சுகமாக இருந்தது. ஆனால் வேறொன்று போய்விட்டது. அந்த வரிகள் படர்க்கையில் எழுதப்பட்டிருந்தாலும் கதை கோமதியின் கண்வழியே நடக்கிறது. அதனால்தான் கதைசொல்லியும் அவரை ‘மாமா’ என்றும் ‘என்றார்’ என்றும் சொல்கிறார், செல்லம்மா என்றோ வேறு எப்படியோ பெயர் சொல்லாமல் அவளை ‘அம்மா’ என்கிறார். கோமதி தன் வாயால் அவர் பெயரைச் சொல்லவே முடியாது. அந்த வீட்டில் ‘முத்து’ என்று அழைக்கும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் இருக்கிறது: அவரை வளர்த்த அக்காவுக்கு. கடைசி வரியில் அம்மா “முத்து, கை கழுவிட்டு வா” என்கிறாள். மணம் கேட்டு நிற்கும் மாமனை அந்த ஒரு சொல்லில் மறுபடியும் சின்னப் பையனாக்கிவிடுகிறாள். பதில் சொல்லாததற்கு அதுவே அவளுடைய உபாயம்.

முதல் வரியிலிருந்தே ‘முத்து’ என்று எழுதினால், கடைசி வரியில் அந்தப் பெயருக்கு எந்த வலுவும் இருக்காது. ஆகவே பெயரைக் கடைசி வரி வரை பூட்டி வைக்க வேண்டும் என்று தெரிந்தது.

சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி

இனி அக்கா. பகுதியில் அந்தச் சொல் இரண்டு முறை வருகிறது. ராசாத்தி அக்கா உறவு அல்ல, பக்கத்து வீட்டுக்காரி. தோட்டத்து லயத்தில் தன்னைவிட மூத்த பெண்ணைப் பெயரோடு ‘அக்கா’ சேர்க்காமல் அழைக்க முடியாது. நான் முதலில் ‘சிஸ்டர் ராசாத்தி’ என்று எழுதினேன். படித்தவர்கள் அவளைக் கன்னியாஸ்திரி என்று நினைத்தார்கள். ஒருவர் தாதி என்றார்.

இரண்டாவது அக்கா முற்றிலும் வேறு. “அக்கா, நீ இன்னும் ஒன்னும் சொல்லலியே” என்று தம்பி கேட்கிறான். அது வெறும் விளி அல்ல. ‘உன் மகளைக் கேட்கிறேன், உன் தம்பி என்ற முறையில் கேட்கிறேன்’ என்ற உரிமை முழுவதும் அந்த மூன்றெழுத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் தம்பி அக்காவைப் பெயர் சொல்லித்தான் அழைப்பான். ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டால் பழைய நாடகம் போல ஒலிக்கும். ‘எல்டர் சிஸ்டர்’ என்றால் அதைவிட மோசம்.

இரண்டு இடத்திலும் ‘அக்கா’ என்றே விட்டால் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. ராசாத்தியின் பெயரோடு சேர்ந்து அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்ட வாசகர், இரண்டு வரி தள்ளி “அக்கா” என்று வந்ததும் மாமா ராசாத்தியிடம் பேசுகிறார் என்று நினைப்பார். நினைத்தும் விட்டார்கள், வகுப்பில் மூன்று பேர்.

சீன, மலாய் நண்பர்கள் இங்கே எனக்கு உதவினார்கள். மாண்டரினில் அம்மாவின் சகோதரனுக்கு ‘ஜியூஜியூ’ என்று தனிச்சொல் உண்டு, அப்பா பக்கத்துக்கு வேறு சொற்கள். மலாயில் அக்காவுக்கு ‘காக்காக்’ இருக்கிறது. அண்ணனைக் குறிக்கும் ‘அபாங்’ என்ற சொல்லால் மனைவி கணவனையும் அழைக்கிறாள். அதை யாராவது ஆங்கிலத்தில் ‘பிரதர்’ என்று மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று மலாய்த் தோழியே கேட்டுச் சிரித்தாள். போலீஸ் கேள்வி கேட்ட அதே தோழிதான். நம்மைச் சுற்றி இருப்பவர்களுக்கு இந்த உலகம் அந்நியமே இல்லை. நடுவில் நிற்கும் ஆங்கிலத்துக்குத்தான் சொல் போதவில்லை.

கடைசி வரைவு

விரிவுரையாளர் ஒரு யோசனை சொன்னார்: “எல்லாச் சொல்லுக்கும் ஒரே விதி வைக்காதே. பகுதியில் எத்தனை இடத்தில் உறவுச்சொல் வருகிறதோ அத்தனை வரிகள் கொண்ட அட்டவணை போடு. யார் சொல்கிறார், யாரைச் சொல்கிறார், அழைக்கிறாரா, சுட்டுகிறாரா, அந்தச் சொல் இல்லாவிட்டால் கதையில் என்ன குறையும் என்று எழுது.” கடைசிக் கேள்விக்கு ‘ஒன்றும் குறையாது’ என்று பதில் வந்த இடங்களில் ஆங்கிலத்தின் ‘அவர்’, ‘அவள்’ போதும் என்றார்.

அட்டவணை போட்ட பிறகு வேலை தெளிவாயிற்று. மேலே தந்த வரிகளுக்கு நான் எடுத்த முடிவுகளைச் சொல்கிறேன்.

முதல் வரியில் ஒரே ஒரு முறை விளக்கம் வைத்தேன். அந்த ஆங்கில வரியைத் திரும்பத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “பால் நிறுவையை முடித்துவிட்டு வந்த மாமா, அவளுடைய அம்மாவின் தம்பி, வாசல் படியில் உட்கார்ந்தார்.” தமிழ்ச் சொல்லும் அதன் பொருளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அடிக்குறிப்பு தேவையில்லை. ‘சகோதரன்’ என்று நிறுத்தாமல் ‘இளைய சகோதரன்’ என்று எழுதியது முக்கியம். வயதைப் பற்றிய தவறான படம் அங்கேயே உடைந்துவிடுகிறது. எழுத்துக்கூட்டலில் முதல் ‘ஏ’வை இரட்டித்தேன். இனி அதை யாரும் தாய் என்று படிக்க மாட்டார்கள்.

ராசாத்தியின் கேலியில் ‘மாமன்’ என்று வருகிறது. மாமா வேறு, மாமன் வேறு. ‘மாமன்’ என்றதுமே முறை, உரிமை, கேலி எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் ஆங்கிலத்தில் இரண்டு வடிவங்களையும் எழுதினால் இரண்டு ஆட்கள் என்று நினைப்பார்கள். எனவே இங்கேயும் மாமா என்றே எழுதி, ‘உன் மாமாதானே’ என்ற தொனி வருமாறு வாக்கியத்தை அமைத்தேன். ‘மாமன்’ என்ற சொல்லின் குறும்பு போய்விட்டது. அதை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

ராசாத்தி அக்காவைப் பெயரோடு அப்படியே விட்டேன். அவள் ‘பக்கத்து வீட்டு’ என்று மூலத்திலேயே இருப்பதால், அது மரியாதைச் சொல் என்பது வாசகருக்குத் தானாகப் புரியும். இரண்டாவது அக்காவிலும் தமிழ்ச் சொல்லையே வைத்தேன், ஆனால் வரிசையை மாற்றினேன். மூலத்தில் முதலில் “அக்கா”, பிறகுதான் “அம்மாவைப் பார்த்து”. ஆங்கிலத்தில் முதலில் மாமா அம்மாவின் பக்கம் திரும்புகிறார், அதன் பிறகு “அக்கா” என்கிறார். யாரிடம் பேசுகிறார் என்ற குழப்பம் தீர்ந்தது. அவர் அம்மாவின் தம்பி என்பது முதல் வரியிலேயே தெரிந்திருப்பதால், அந்த ‘அக்கா’ பக்கத்து வீட்டு அக்கா போன்றதல்ல என்பதும் தெரிகிறது. முதல் வரியில் வைத்த ஒரே விளக்கம் இரண்டு சொற்களுக்கும் சேர்த்து வேலை செய்தது.

கடைசி வரியில் பெயரைத் திறந்துவிட்டேன். ‘முத்து’ அங்கே முதல்முறையாக வருகிறது.

மிச்சம் இருந்தது மண வழக்கம். அதைக் கதைக்குள் எங்கே வைப்பது? ‘தமிழர் வழக்கப்படி’ என்று ஒரு தொடரைக் கதைசொல்லியின் வாயில் திணித்தால் போலியாக இருக்கும். தன் வீட்டு வழக்கத்தை யாரும் அப்படி விவரிப்பதில்லை. முழு நாவலாக இருந்தால் முதல் இருபது பக்கங்களிலேயே வாசகர் அதைப் பழகிக்கொள்வார். தனியாக வெட்டி எடுத்த பகுதிக்கு அந்த வசதி இல்லை. அதற்குப் பதில் இன்னொரு வசதி உண்டு: பகுதிக்கு மேலே ஒரு சிறு முன்குறிப்பு எழுதலாம். நான் இரண்டு வாக்கியம் எழுதினேன். கோமதிக்கு 19 வயது, மாமாவுக்கு 26 என்பது ஒன்று. இத்தகைய குடும்பங்களில் தாயின் தம்பி அக்காள் மகளை மணக்கக் கேட்பது வழக்கம் என்பது மற்றொன்று. அவளுக்கு விருப்பமா இல்லையா என்று அதில் சொல்லவில்லை. சொம்பைப் படியில் வைக்கும் கை அதைச் சொல்லட்டும்.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்?

நாமே நம் மொழிபெயர்ப்பைச் சோதிக்க முடியாது. நமக்கு மூலம் தெரியும். எவ்வளவு மங்கலாக எழுதினாலும் நம் கண்ணுக்குத் தெளிவாகத்தான் தெரியும். அதனால் நான் செய்தது இதுதான். தமிழ் தெரியாத நால்வரிடம் கடைசி வரைவைக் கொடுத்தேன். கூடவே ஒரு வெள்ளைத்தாளும் கொடுத்து, இதில் வரும் ஆட்களுக்கு ஒரு குடும்ப மரம் வரையச் சொன்னேன். கருத்து எதுவும் கேட்கவில்லை. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். மரம் வரையச் சொன்னால் பொய் சொல்ல முடியாது.

மூவர் சரியாக வரைந்தார்கள். அம்மாவும் மாமாவும் ஒரே கோட்டில், கோமதி கீழே, ராசாத்தி மரத்துக்கு வெளியே. நான்காமவர் ராசாத்தியை அம்மாவின் தங்கையாக வரைந்திருந்தார். ‘பக்கத்து வீட்டு’ என்பதை அவர் கவனிக்கவில்லை. அந்தச் சொல்லை அவள் பெயருக்கு முன்னால் நகர்த்தினேன். முதல் வரைவுக்கு இதே சோதனையை வைத்திருந்தால், போலீஸ் கேள்வி வரும் முன்பே தவறு தெரிந்திருக்கும்.

மொழிபெயர்ப்புப் பாடம் எடுப்பவர்களும், பள்ளியில் ஒரு சிறுகதையை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்க விரும்புபவர்களும் இந்தச் சோதனையைச் செய்யலாம். ஒரு தாளும் தமிழ் தெரியாத ஒரு நண்பரும் இருந்தால் போதும். பெரியப்பா, மச்சான், அத்தான், கொழுந்தன் என்று எந்தச் சொல் வந்தாலும் இது பொருந்தும்.

மரத்தைச் சரியாக வரைந்த மூவரில் என் மலாய்த் தோழியும் ஒருத்தி. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிறிது நேரம் யோசித்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

“அம்மா ஏன் ஒன்றும் சொல்லவில்லை? தம்பிக்காகவா, மகளுக்காகவா?”

அந்தக் கேள்விக்கு எனக்கும் விடை தெரியாது. நாவல் முழுவதும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.